முயலுக்கும் டிராகனுக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை

என் வயிற்றில் இருப்பது முயல் என்று எனக்குத் தெரியவந்தது கலிபோர்னியாவில், எங்கள் மில்பிடாஸ் அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில், தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஒரு செப்டம்பர் மதியத்தில்.

நாங்கள் இரண்டு பேர் அப்போது கர்ப்பமாக இருந்தோம். நானும், என் பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து வேலை செய்த தைவான்காரியும். சாஃப்ட்வேர் டெஸ்டிங் குழுவில் மூன்று வருடமாக ஒன்றாக இருந்தோம். ஒரே மேனேஜரைத் திட்டுவோம், ஒரே மைக்ரோவேவில் சோற்றைச் சுட வைப்போம். அவள் ஊர் தைனான். என் ஊர் ஈரோட்டுப் பக்கம். எனக்கு முப்பத்துநான்கு வயது, அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. அந்த ஐந்தாறு வயதை அதுவரை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அதில் ஏழு வருடம் டாக்டர், ஊசி, காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, சாயங்காலம் போன் செய்து "இந்த மாசமும் இல்லை" என்று சொல்லும் நர்ஸ். அவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இனி நடக்கிறபடி நடக்கட்டும் என்று விட்ட பிறகுதான் தரித்தது. ஜனவரி கடைசி வாரம் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். இருபது வாரம் தாண்டும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாயைப் பூட்டிவைத்திருந்தேன்.

நான் சொல்வதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.

"பிப்ரவரி பன்னிரண்டு," என்றாள், நூடுல்ஸைக் கிளறியபடி. நாங்கள் பேசியது எப்போதும் ஆங்கிலத்தில்தான். "நல்லா கணக்குப் பண்ணித்தான் செஞ்சோம். எங்க கணக்குல டிராகன் வருஷம்தான் ரொம்ப ராசி, அதுல பொறக்கணும்னு என் மாமியாருக்கு ஆசை. மே மாசம் பாதி தாண்டற வரைக்கும் வேண்டாம்னு காத்திருந்தோம். அப்புறம் உடனே கரு நின்னுடுச்சு."

உடனே! காலண்டரைப் பார்த்து, இந்தத் தேதிக்கு மேல் சரி என்று முடிவு செய்ய, அதுவும் ஆர்டர் கொடுத்த சோபா மாதிரி வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கோ ஏழு வருடம். "கங்க்ராட்ஸ்," என்று சொல்லிவிட்டு, என் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தயிர்சாதம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து என் செய்தியும் வெளியே வந்தது. எங்கள் மேனேஜர் நல்ல மனுஷர், கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். பக்கத்துச் சீன ரெஸ்டாரன்டில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். பன்னிரண்டு மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே வருடங்கள். இரண்டாயிரம் என்ற எண் டிராகனுக்குக் கீழே இருந்தது.

"என் டீமுக்கு ரெண்டு டிராகன்!" என்றார்.

எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் காத்திருந்து வாங்கியது எனக்குத் தானாகக் கிடைத்துவிட்டதே என்று ஒரு குறும்பான சந்தோஷம்.

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். "இல்ல," என்றாள் சாதாரணமாக. "இவ குழந்தை முயல். எங்க புது வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி பிறக்காது. அமாவாசையை வெச்சு வரும். சில வருஷம் ஜனவரி கடைசி, சில வருஷம் பிப்ரவரி. இந்தத் தடவை பிப்ரவரி அஞ்சு. அதுக்கு முன்னாடி பொறந்தா பழைய வருஷம்தான், முயல். இந்தப் பேப்பர்ல வருஷம் மட்டும்தான் போட்டிருக்கு, ஜனவரி பிப்ரவரியில பொறந்தவங்களுக்கு இது தப்பாத்தான் காட்டும்."

தப்பாக எதுவும் சொல்லவில்லை அவள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் "முயல்" என்ற சொல் அன்று முழுக்க என் கூடவே வந்தது.

இராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் கேட்டேன். "ஏங்க, முயல்னா மட்டமா?"

"எதுல?"

"சைனீஸ் காலண்டர்ல. அவளுக்கு டிராகனாம், நமக்கு முயலாம்."

அவர் சிரித்தார். "இதுல என்ன இருக்கு? நம்மளுதும் அப்படித்தானே. ஜனவரில பொறந்தா புது வருஷம்னு இங்கிலீஷ்காரன் சொல்லுவான். நம்ம பஞ்சாங்கத்துல சித்திரை வரைக்கும் அது பழைய வருஷம்தான். பிரமாதி வருஷம் தை மாசம்னுதான் உங்கப்பா ஜாதகத்துல எழுதுவாரு. அதுக்காக அழுவியா?"

நியாயம்தான். அறுபது வருடப் பெயரும் சுற்றிச் சுற்றி வரும் கணக்கு எனக்கும் புரியாததல்ல. ஆனால் பிரமாதிக்காக யாரும் மே மாதம் பாதி வரை காத்திருந்ததில்லை. விக்கிரம வருடத்தில்தான் பிள்ளை பிறக்க வேண்டும் என்று மருமகளின் கையைப் பிடித்துக் கேட்ட மாமியாரையும் நான் பார்த்ததில்லை.

அந்த மாமியார் அக்டோபரில் வந்து இறங்கினார்.

அதுவரை பொறாமை எனக்கு ஒரு சொல்லின் மேல்தான் இருந்தது. இப்போது அதற்கு ஆள் கிடைத்துவிட்டது. கட்டையாக, குட்டை முடியும் பூப்போட்ட சட்டையுமாக ஒரு அம்மாள். தினமும் மதியம் தன் மகனோடு காரில் வந்து, எங்கள் ரிசப்ஷனில் உட்கார்ந்து, மருமகளுக்கு ஃபிளாஸ்கில் சூப் கொடுத்துவிட்டுப் போவார். செம்பேரீச்சையும் இஞ்சியும் போட்ட கோழிச் சூப். மூடியைத் திறந்ததும் எங்கள் தடுப்பு வரிசை முழுக்க மணக்கும். சாயங்காலம் பார்க்கிங் லாட்டில் மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தரையில் இல்லாத பள்ளத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து நடத்திப் போவார்.

அதே மாதம் சென்னையில் என் அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். காலையிலிருந்து வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லி, பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்.

"கண்ணு, நான் திரும்பி வரமாட்டேன்னு நினைச்சுட்டாங்களாட்ட இருக்குது," என்றார் போனில். "இங்க மாடு கன்னு, உங்கப்பா எல்லாம் இருக்கறப்ப நான் அங்க எதுக்குக் கண்ணு தங்கப்போறேன்? அதைக் கேக்கவே இல்ல."

"பரவால்லம்மா. இங்க எல்லாம் கிடைக்குது."

எல்லாம் கிடைத்தது. இந்தியக் கடையில் பிரசவ லேகியம்கூட பாட்டிலில் இருந்தது. மறுநாள் மதியம் அந்த அம்மாள் ஃபிளாஸ்க்குடன் வந்தபோது நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய், கைகழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சூப் வாசனை அடங்கும்வரை நின்றேன்.

ஜனவரியில் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பேபி ஷவர் வைத்தார்கள். நீலமும் ரோஸும் கலந்த கேக். அந்த அம்மாளும் வந்திருந்தார். எனக்கு இரண்டு நாளில் முப்பத்தைந்து ஆகப்போகிறது என்று யாரோ சொல்ல, அவர் மருமகளிடம் ஏதோ கேட்டார்.

"நீ எந்த வருஷம்னு கேக்கறாங்க," என்றாள் தோழி. பிறகு என் பதிலுக்குக் காத்திருக்காமல், "அறுபத்தஞ்சு. பாம்பு," என்று எனக்காகச் சொல்லிவிட்டாள்.

மாமியார் தலையை ஆட்டினார். கைப்பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். நம் பஞ்சாங்கம் மாதிரி மலிவான தாள், சிவப்பு அட்டை. பின்பக்கத்தில் ஒரு நூறு வருடத்துக்கான அட்டவணை. விரலால் தேடி ஒரு இடத்தில் நிறுத்தி, மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ," என்றாள் அவள். "அறுபத்தஞ்சுல புது வருஷம் பிப்ரவரி ரெண்டுலதான் வந்திருக்கு. நீ ஜனவரி. அப்போ நீ அதுக்கு முந்தின வருஷம்." ஒரு கணம் நிறுத்தினாள். "நீ டிராகன்."

வாழ்க்கையில் எனக்கு எவ்வளவோ பட்டம் கிடைத்திருக்கிறது. எதற்கும் நான் அப்படிப் பூரித்ததில்லை. முப்பத்தைந்து வருடம் அது எனக்குத் தெரியாமலேயே என்னிடம் இருந்திருக்கிறது! அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு முகம் மாறி, கவலையாக ஏதோ நீளமாகச் சொன்னார்.

"வர்றது உன் சொந்த வருஷமாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நம்ம மிருகமே திரும்ப வரும்போது நமக்குக் கொஞ்சம் சோதனையாம். சிவப்பு உடுத்திக்கணுமாம்," என்றாள் தோழி.

அடுத்த வாரம் ஃபிளாஸ்க்கோடு எனக்கு ஒரு ஜோடி சிவப்புக் காலுறையும் வந்தது. அதை வாங்கிக்கொண்டபோது என் கண் கலங்கியது. கலங்கிய கையோடு இன்னொன்றும் தோன்றியது: அவளுக்கு எத்தனை ஜோடி கொடுத்திருப்பார்?

ஜனவரி கடைசி வாரம் வந்தது, போனது. என் குழந்தை வெளியே வருகிற யோசனையே இல்லாமல் உதைத்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி இரண்டாம் தேதி டாக்டர் பரிசோதித்தார். குழந்தையின் இதயத் துடிப்பு, தண்ணீர் அளவு எல்லாம் பார்த்தார்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார். "நாளைக்குக் காலையில வாங்க, வலி வர மருந்து கொடுத்துடலாம். இல்ல, திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கலாம், தானா வருதான்னு பார்க்கலாம். இப்போதைக்கு ரெண்டும் சேஃப்தான்."

நாளை என்றால் மூன்றாம் தேதி. திங்கட்கிழமை என்றால் ஏழாம் தேதி. நடுவில் ஐந்தாம் தேதி உட்கார்ந்திருந்தது.

"திங்கட்கிழமை," என்றேன். டாக்டர் வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

காரில் ஏறிய பிறகும் என் கணவர் சாவியைத் திருப்பவில்லை.

"உனக்கு நிக்க முடியல, உக்கார முடியல, தூக்கம் இல்ல. நாளைக்கே முடிச்சிடலாம்னு டாக்டர் சொல்றாரு. ஏன் திங்கட்கிழமை?"

"தானா வரட்டும்னுதான்."

"பொய் சொல்லாத. அந்தக் காலண்டருக்காகத்தானே?"

"சேஃப்னு அவரே சொன்னாருல்ல?"

"சேஃப்தான். ஆனா எதுக்காகன்னு கேக்கறேன். சனிக்கிழமைல நீ கும்பிடற பெருமாளுக்குக்கூட இவ்வளவு பண்ணல நீ."

"உங்களுக்குப் புரியாதுங்க," என்றேன். "அவளுக்கு எல்லாமே கிடைக்குது. நினைச்ச மாசம், நினைச்ச வருஷம், சூப்பு, மாமியாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு, தானா தள்ளிப்போய், தானா வருது. அதை நான் எதுக்கு விடணும்?"

அவர் வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும், கேட்காமலே என் கால்மாட்டில் உட்கார்ந்து வீங்கிய பாதங்களைப் பிடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தோழி போன் செய்தாள். அவள் அதற்குள் விடுப்பில் இருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"திங்கட்கிழமை."

"அப்போ டிராகன்," என்றாள்.

அந்தக் குரலில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதமாக நான் வாயில் அடக்கிவைத்திருந்ததும் அதுதான். அன்று படுக்கும்போது வயிற்றின் மேல் கைவைத்து, இன்னும் மூன்று நாள் சும்மா இரு என்று குழந்தையிடம் சொன்னேன்.

குழந்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை தோசைக் கல்லின் முன்னால் நின்றபோது இடுப்பில் முதல் வலி வந்தது. நான் அதை வாயுவென்றேன். இரண்டாவதையும் வாயுவென்றேன். மூன்றாவதில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். என் கணவர் அடுப்பை அணைத்து, பையை எடுத்து, என்னைக் காரில் ஏற்றினார். மதியம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. பிப்ரவரி நான்கு.

அவளை என் மார்பின் மேல் போட்டார்கள். வழுவழுவென்று, சிவந்து, முகம் சுருங்கி, ஒரு காது மடங்கி இருந்தாள். நான் அழுதேன். ஏழு வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். அந்த ஒரு மணி நேரம் எந்த மிருகமும் என் நினைவில் இல்லை என்று சத்தியம் செய்வேன்.

அம்மாவுக்குப் போன் போட்டோம். ஈரோட்டில் அப்போது விடிந்தும் விடியாத நேரம்.

"தை அமாவாசைக்குப் பொறந்திருக்குது கண்ணு!" என்றார். "நட்சத்திரம் திருவோணமாத்தான் இருக்கும். உங்கப்பா பஞ்சாங்கத்தை எடுத்துட்டாரு."

அமாவாசை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் அமாவாசையை ஒட்டித்தானே அவர்கள் வருடமும் திரும்புகிறது. கலிபோர்னியாவில் சந்திரன் முழுக்க மறைவது மறுநாள் விடியற்காலை. என் மகள் அதற்கு அரை நாள் முன்னால், பழைய வருடத்தின் கடைசி வெளிச்சத்தில் வந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் லாட்டில் ஒரு சீனக் குடும்பம் கையில் பெரிய உணவுப் பொட்டலங்களோடு நடந்து போனது. அன்று அவர்களுக்கு வருடக் கடைசி விருந்து. எல்லோரும் வீட்டில் கூடி உட்கார்ந்து சாப்பிடும் நாள். இன்னும் ஒரு வாரம் தாண்டி என் தோழி, காத்திருந்து வாங்கியதைக் கையில் வாங்கிக்கொள்வாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவளும் மாமியாரும் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய், கொண்டுவந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். எள்ளெண்ணெயும் இஞ்சியும் போட்டு வதக்கிய கோழி. நம் நல்லெண்ணெய் வாசனைதான் கொஞ்சம் வறுத்த மணத்தோடு. மூன்று மாதம் நான் ஓடி ஒளிந்த சூப்பின் அக்காள் தங்கை. கிண்ணத்தை என் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பிறகு குழந்தையைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார்.

"ரொம்ப அழகா இருக்கான்னு சொல்றாங்க," என்றாள் தோழி.

அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தார். மறுபடியும் சொன்னார், இந்த முறை சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டி. தோழி தன் பெரிய வயிற்றின் மேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நல்ல ஆரோக்கியமா இருக்கட்டும்னு…"

"முழுசா சொல்லு," என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "ரெண்டு விஷயம் சொல்றாங்க. ஒண்ணு, நீ பெத்த நேரத்துல தைனான்ல ஏற்கனவே சனிக்கிழமை காலை. புது வருஷம் பிறந்தாச்சு, வெடி போட்டு முடிச்சாச்சு. ரெண்டாவது, ஜாதகம் பாக்கறவங்க நிறையப் பேர் அமாவாசையை எடுத்துக்க மாட்டாங்க. சூரியனை வெச்சு வசந்தம் ஆரம்பிக்கற நேரத்துலதான் வருஷத்தை மாத்துவாங்க. அது பெரும்பாலும் பிப்ரவரி நாலாம் தேதியை ஒட்டியே வரும். இந்த வருஷம் இங்க அது வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. உன் பொண்ணு பொறந்தது மத்தியானம். அந்தக் கணக்குல அவ…"

முடிக்கவில்லை.

"டிராகன்?" என்றேன்.

மாமியாருக்கு அந்த ஒரு ஆங்கிலச் சொல் தெரிந்திருந்தது. "டிராகன்! டிராகன்!" என்று என் மகளின் தலையில் மெதுவாகத் தட்டினார்.

"ஆனா சாதாரணமா யாரும் அப்படி எடுத்துக்கறதில்ல," என்றாள் தோழி சட்டென்று. "ஜனங்க புது வருஷ நாளைத்தான் பாப்பாங்க. பொறந்த ஊர் தேதியைத்தான் பாப்பாங்க. தைவான்ல பொறக்கலயே இவ. இது முயல்தான்." பிறகு மாமியாரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள், வேகமாக. அந்த அம்மாளும் பதில் சொன்னார். இன்னும் வேகமாக. என் படுக்கைக்கு இரண்டு பக்கமும் நின்று, என் மகள் யார் என்று இருவரும் சண்டை போட்டார்கள். முடிவில் மருமகளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் எவ்வளவு காத்திருந்தேன் தெரியுமா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "அவங்க என்னை உக்கார வெச்சு, எழுப்பி, சாப்பிட வெச்சு… எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காக. என்னைக்கு எங்க போகணும்னுகூட அவங்கதான் சொல்றாங்க. இப்போ உன் பொண்ணையும் டிராகன்ங்கறாங்க, சும்மா, தேதியை அப்படி இப்படித் திருப்பி."

எனக்கு உடனே இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் வந்தது இனிப்பான ஒரு திருப்தி. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்! அது ஒரு நிமிடம் இருந்தது. அப்புறம் என் குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையணையைச் சரியாக வைக்க உதவினாள்.

அவளுக்குப் பிப்ரவரி நடுவில் பையன் பிறந்தான். எந்தக் கணக்கிலும் டிராகன். யாரும் எதுவும் பேச இடமில்லாத டிராகன்.

மார்ச்சில், குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததற்காகக் குபெர்டினோவில் ஒரு ரெஸ்டாரன்டில் விருந்து வைத்தார்கள். மேஜைதோறும் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகள். பையன் கழுத்தில் தங்க டிராகன், தலையில் பட்டுக் குல்லாய். நான் என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு வெள்ளைப் பருத்திச் சட்டை, வேறொன்றும் இல்லை. அந்தத் தங்கத்தைப் பார்த்ததும் எனக்குத் திரும்பவும் பழைய எரிச்சல் கிளம்பியது.

மாமியாரின் உறவுக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் தெரிந்தவர். "உங்க குழந்தை எப்போ பொறந்தது?" என்று கேட்டார்.

"பிப்ரவரி நாலு."

"அட! ரொம்பக் கிட்ட. அப்போ என்ன சொல்றீங்க, முயலா, டிராகனா?"

தோழி எதிரே வந்துகொண்டிருந்தாள், கையில் பையனோடு. எங்கள் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் மாமியாரும்.

"முயல்," என்றேன்.

அதில் தியாகம் ஒன்றும் இல்லை. கணக்கு அப்படித்தான் இருந்தது. என் மகள் பிறந்த ஊரில், அவள் பிறந்த நாளில், அவர்களுடைய புது வருடம் இன்னும் பிறக்கவில்லை. எல்லோரும் பார்க்கிற காலண்டரை நானும் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் தோழியின் தோள் இறங்கி, மூச்சு வந்ததையும் பார்த்தேன். அவள் வந்து, காலியாக இருந்த என் தட்டில் இரண்டு சிவப்பு முட்டைகளை வைத்துவிட்டுப் போனாள். மாமியார் தலையை ஆட்டிச் சிரித்தார், ஒப்புக்கொண்டவர் மாதிரி இல்லை.

ஏப்ரலில் அவர் விசா காலம் முடிந்து தைனானுக்குத் திரும்பினார். மே மாதம் என் அம்மா இரண்டாவது முறை போய் நின்றபோது விசா கொடுத்துவிட்டார்கள். ஜூனில் வந்து இறங்கினார், பெட்டி முழுக்கக் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளுமாக. வந்த மறுநாளே என் சமையலறையை வேறு மாதிரி அடுக்கிவிட்டார். என் பெண்ணைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். நான் எட்டு மாதம் ஏங்கியது கடைசியில் கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக.

ஒரு சனிக்கிழமை தோழி பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு வாரமாக அவன் இரவில் தூங்குவதில்லை, பகலிலும் அழுகை. டே கேரிலிருந்து தினமும் போன். ஹாலில் உட்கார்ந்து, என் அம்மா என் பெண்ணைத் துவட்டி சாம்பிராணி காட்டுவதை, இமை கொட்டாமல் பார்த்தாள்.

"உங்க அம்மா எவ்வளவு நாள் இருப்பாங்க?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசம்," என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள்.

அம்மாவுக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. எழுந்து வந்து, கையை நீட்டினார். "குடு சாமி, இவன் வயிறு உப்பியிருக்குது, அதான் அழுகறான்," என்று தமிழிலேயே சொல்லி, அந்தப் பையனை வாங்கிக் கொண்டுபோய், கால் நீட்டி உட்கார்ந்து, காலில் போட்டு, வயிற்றில் வெதுவெதுப்பான எண்ணெய் வைத்துத் தடவினார். வாய்க்குள் ஏதோ ராகம் இழுத்தார். அவன் விக்கி, ஏப்பம் விட்டு, அப்படியே கண் மூடிவிட்டான். தோழி சோபாவில் சாய்ந்து, அவளும் தூங்கிப்போனாள்.

என் அம்மா அந்தப் பையனின் காலை நீவிவிட்டுக்கொண்டே, "எப்படிக் கெட்டியா இருக்கான் பாரு, ராஜா மாதிரி," என்றார்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. என் பெண்ணைத் தூக்கி வந்து அம்மாவின் இன்னொரு காலில் கிடத்தினேன். "இவளையும் பாரும்மா," என்றேன்.